பாக்கி கேட்டு போன் பண்றப்ப எந்த வரிசையில பேசணும்

மண்டபத்துல போட் இஞ்சின் ஸ்பேர், வலை, ரோப் விக்கிற கடை எங்களோடது. மீன்பிடித் தடைக்காலத்துல கடனுக்குக் குடுத்த சாமானுக்கு செப்டம்பர் ஆகியும் பாக்கி நிக்குது. அக்கா பையன்தான் போன் பண்றான், நான் எழுதிக் குடுத்தத அப்படியே படிக்கிறான்: “வணக்கம், கடையிலேர்ந்து பேசுறோம், உங்க பாக்கி 46,800 ரொம்ப நாளா நிக்குது, எப்ப தருவீங்க, இல்லன்னா நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.” பாதிப் பேரு பாக்கலாம்ங்குறாங்க, மீதிப் பேரு கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போறாங்க. இத எப்படி மாத்தி எழுதுறது?

*

ராமேஸ்வரத்துல ஒரு ஸ்பேர் கடையில பதினோரு வருஷம் கணக்கு எழுதி பாக்கி வசூலும் பாத்தவன் நான், அதனால உங்க ஸ்கிரிப்ட படிச்சதுமே சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நானும் மொத ரெண்டு வருஷம் கிட்டத்தட்ட இதேதான் பேசிக்கிட்டு இருந்தேன்.

அதுல ரொம்பக் கெடுக்குற வார்த்தை நடவடிக்கைனு நீங்க நெனைக்கலாம், எனக்கு “எப்ப தருவீங்க”தான் பெரிய தப்பாத் தெரியுது. எப்பன்னு கேட்டா தேதிய முடிவு பண்ற வேலைய அவர்கிட்ட குடுத்துட்டீங்க, அவரு “பாக்கலாம் தம்பி, அடுத்த மீன்பாடு வரட்டும்”பாரு, உங்க பையனும் சரிண்ணேன்னு வச்சிருவான். போன் பண்ணியாச்சுன்னு உங்களுக்கு ஒரு திருப்தி, பதில் சொல்லியாச்சுன்னு அவருக்கு ஒரு திருப்தி, பணம் எடுத்த எடத்துலயேதான் இருக்கும். “ரொம்ப நாளா நிக்குது”ங்குறது குத்திக் காட்டுறது மாதிரி கேக்கும், எந்த சாமானுக்கு எந்தத் தேதி பில்லுன்னும் அதுல இல்ல. நடவடிக்கைங்குற வார்த்தைய பொறுத்தவரை, நீங்க எந்த நடவடிக்கையும் எடுக்கப் போறதில்லன்னு அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஆனா சொன்ன வார்த்தை மட்டும் மனசுல தங்கிரும், அடுத்த தடவை சாமான் வாங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவாரு.

போன எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த போட்டோட கணக்கு மொத்தமும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி முன்னாடி வச்சுக்கணும், பில் தேதி, என்ன சாமான், எவ்வளவு வந்துருக்கு, கடைசியா பேசுனப்ப என்ன சொன்னாரு, அவ்வளவுதான். இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா எனக்கு ஒரு அனுபவம். ஒரு பெரியவருக்கு போன் பண்ணி பாக்கிய கறாரா கேட்டுட்டேன், அவரு அதுக்கு மொத வாரமே கல்லால எங்க முதலாளி கையில 5,000 குடுத்துட்டுப் போயிருக்காரு, முதலாளி சட்டைப்பையில வச்சவரு நோட்டுல எழுத மறந்துட்டாரு. அந்தப் பெரியவரு திட்டவே இல்ல, “கணக்க நல்லாப் பாத்துட்டு கூப்புடு தம்பி”ன்னு மட்டும் சொன்னாரு, அதுக்கப்புறம் மூணு மாசம் நான் கூப்புட்டா எடுக்கல. கணக்குல ஒரு தப்பு இருந்தா மிச்ச உண்மையான பாக்கியும் சேந்து சந்தேகத்துக்குப் போயிரும்.

உங்க 46,800ஐயே எடுத்துக்குவோம். பில் விவரம் நீங்க சொல்லல, அதனால நானே ஒரு மாதிரிக்குப் போட்டுக்கிறேன். மே 6ல இஞ்சின் வேலைக்கு 28,500, ஜூன் 3ல வலையும் ரோப்பும் 33,300, மொத்தம் 61,800. ஜூன் கடைசியில 15,000 வந்துருக்கு. மிச்சம் 46,800. இந்த அளவுக்கு சீட்டுல இருந்தா போதும்.

அடுத்து நேரம். பாக் நீரிணைப் பக்கம் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போற விசைப்படகுக்காரர்னா மறுநாள் காலையில கரைக்கு வருவாங்க, அப்ப ஏலம், எடை, கம்பெனிக்காரங்க, பங்கு பிரிக்கிறதுன்னு ஒரே சத்தமா இருக்கும், அந்த நேரத்துல பாக்கி கேட்டு போன் வந்தா யாரா இருந்தாலும் கடுப்பாவாங்க. மத்தியானம் சாப்ட்டுட்டு தூங்கப் போயிருவாங்க, எழுப்பி கேட்டா அது அதவிட மோசம். நான் பாத்தவரைக்கும் கரைக்கு வந்த அன்னைக்கு காலையில பதினொன்றலேருந்து பன்னெண்டுக்குள்ளதான் சரியான நேரம், மீனு போயிருச்சு, எவ்வளவு கைக்கு வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு, அது இன்னும் வேற எடத்துக்குப் போகல. கீழக்கரை, தொண்டிப் பக்கம் பாய்மாருக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் விட்டுருங்க, தங்கச்சிமடம் பாம்பன் பக்கம்னா ஞாயித்துக்கிழமை காலைப் பூசை நேரம் விட்டுருங்க. பேங்கு, பைனான்ஸ் வசூல் ஆளுங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்புடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022ல சொல்லிருக்கு, அது கடைக்காரங்களுக்குப் போட்ட விதி இல்லதான், ஆனாலும் அத நம்மளும் வச்சுக்கிறது மரியாதை.

இப்ப பேச்சு. மொத வரி இப்படி வரணும்:

“அண்ணே வணக்கம், மண்டபம் ஸ்பேர் கடையிலேருந்து தம்பி பேசுறேன், ஒரு ரெண்டு நிமிசம் கணக்கு விசயம் பேசணும், இப்ப பேசலாமா, இல்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு கூப்புடட்டுமா?”

தம்பின்னு நான் எழுதுனது உங்க பையன் வயசுக்கு, அந்த எடத்துல அவன் பேரையும் சேத்துச் சொல்லணும், “கடையிலேர்ந்து பேசுறோம்”னா ஏதோ லோன் கம்பெனி கால் மாதிரி இருக்கும். கணக்கு விசயம்னு மொதல்லயே சொல்லிறணும், குடும்பம் சொகமான்னு அஞ்சு நிமிசம் பேசிட்டு கடைசியில பாக்கிக்கு வந்தா, அந்த நலம் விசாரிச்சதெல்லாம் நடிப்புன்னு ஆயிரும். சாயங்காலம்னாருன்னா சரியா அஞ்சு மணிக்கு கூப்புடணும், அஞ்சரைக்கு இல்ல.

ஒரு முக்கியமான விசயம், போன அந்த அண்ணன் வீட்டுல அக்காவோ டிரைவரோ எடுத்தா பாக்கியப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. “அண்ணன் வந்ததும் கடைக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கக்கா” அவ்வளவுதான். அதே மாதிரி சங்கத்து வாட்ஸப் குரூப்புல பேரு போட்டு கேக்குறதெல்லாம் வேணாம், ஒரு கடை அப்படிப் பண்ணி ஒரே நாள்ல நாலு போட்டோட வியாபாரத்த இழந்தத நான் கண்ணால பாத்துருக்கேன்.

இன்னொன்னு, நம்ம ஆளுங்க எல்லாரும் பண்ற தப்பு, “என்னண்ணே, பாடு எப்படி?”ன்னு கேட்டு ஆரம்பிக்கிறது. கடக்கரையில இது வணக்கம் சொல்ற மாதிரிதான், ஆனா பாக்கி கேக்குற போன்ல இத கேக்காதீங்க. பாடு நல்லாருக்குன்னு எந்த போட்டுக்காரரு சொல்லிருக்காரு, “எங்க தம்பி, டீசல் காசுக்கே வரல”ம்பாரு, அதுக்கப்புறம் நீங்க பணம் கேட்டா ஈவு இரக்கம் இல்லாதவன் மாதிரி ஆயிரும். அந்தப் பதில நீங்களே அவரு வாயில எடுத்துக் குடுத்த கதை அது.

பேசலாம்னு சொன்னாருன்னா உடனே கணக்கு, அதோட ஒட்டி கேள்வி:

“மே மாசம் இஞ்சின் வேலைக்கு 28,500, ஜூன் 3 வலை ரோப்புக்கு 33,300, நீங்க 15,000 குடுத்துருக்கீங்க, மிச்சம் 46,800 வருதுண்ணே. இதுல 16,800 இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே. ஜிபேல போடுறீங்களா, இல்ல நான் வந்து வாங்கிக்கட்டுமா?”

இத சொல்லிட்டு வாய மூடிறணும். இதுதான் பையனுக்கு வர ரொம்ப நாள் ஆகும். ரெண்டு செகண்டு அந்தப் பக்கம் சத்தம் இல்லன்னதும் நம்ம ஆளு பயந்து போயி “இல்லண்ணே, முடிஞ்சா கொஞ்சமா குடுத்தாலும் பரவால்ல”ன்னு தானே எறங்கிருவான். அவரு இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருப்பாரு, நீங்க அதுக்குள்ள வெலையக் கொறச்சுட்டீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுங்க. கொஞ்சம்ங்குற வார்த்தைய ஸ்கிரிப்ட்லேருந்தே எடுத்துருங்க, கொஞ்சம்னா 500ம் கொஞ்சம்தான்.

ஏன் முழுசா 46,800 கேக்காம 16,800ன்னு நீங்க கேக்கலாம். பில் போட்டு ஒரு மாசத்துக்குள்ளன்னா முழுசும் கேளுங்க, தப்பே இல்ல. மூணு மாசம் தாண்டுன பாக்கின்னா அவருகிட்ட அவ்வளவு மொத்தமா இல்லன்னு அர்த்தம், முழுசா கேட்டா “இப்ப முடியாது”ன்னு ஒரே பதில்ல பேச்சு முடிஞ்சிரும். மொத தவணை கொஞ்சம் பெருசா, ஆனா அவரால ஒரு வாரத்துல பொரட்டக் கூடியதா இருக்கணும், மிச்சம் சின்னச் சின்னதா. 16,800 வந்துட்டா மிச்சம் சரியா 30,000, வாரம் 5,000 வச்சா ஆறு வாரத்துல முடிஞ்சிரும், ரெண்டு பேருக்கும் மனக்கணக்குலயே நிக்கும். எறங்குறதுக்கும் ஒரு அளவ முன்னாடியே நீங்க பையனுக்கு சொல்லி வச்சிருக்கணும், மொத தவணை 10,000க்குக் கீழ எறங்காத, அதுக்கும் கீழன்னா முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு வச்சிரு, அப்படி.

இப்ப அந்தப் பக்கத்துலேருந்து வர்ற பதில்கள். பத்துக்கு ஏழு பேரு சொல்றது “பாடு இல்ல தம்பி, பாடு வரட்டும் தர்றேன்”. இதுக்கு சரின்னு சொன்னா மாட்டிக்கிட்டீங்க, ஏன்னா பாடு நல்லா வந்துச்சா இல்லையான்னு முடிவு பண்றவரு அவருதான், எவ்வளவு மீனு வந்தாலும் அவருக்கு அது பத்தாது. அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன், தவணைய பாட்டோட கட்டாம, போட்டு கடலுக்குப் போறப்ப மீன்துறை குடுக்குற டோக்கனோட கட்டுனேன். போட்டு கடலுக்குப் போச்சா போகலையாங்குறது ஹார்பர்ல எல்லாருக்கும் தெரியும், அதுல ரெண்டு பேச்சு கெடையாது. பேச்சு இப்படி:

“புரியுதுண்ணே. அப்ப இப்படி வச்சுக்குவோம், காத்துனாலயோ ஸ்ட்ரைக்குனாலயோ டோக்கன் குடுக்காம போட்டு கட்டிக் கெடக்குற வாரத்துக்கு நான் கேக்க மாட்டேன். தொழிலுக்குப் போன வாரத்துக்கு 5,000. சரியாண்ணே?”

இத கேட்டதும் நெறையப் பேரு எறங்கி வந்துருக்காங்க, ஏன்னா கட்டிக் கெடக்குற வாரத்துலயும் பணம் கேட்டு நிப்பாங்களோங்குறதுதான் அவங்களோட நெசமான பயம். உங்களுக்கும் இது நட்டம் இல்ல, போட்டே போகாத வாரத்துல கேட்டிருந்தாலும் வந்துருக்காது. ஆனா இதுல ஒண்ணு, வித்த காசுல டீசல், ஐஸ், படி எல்லாம் கழிச்சு பங்கு பிரிச்சது போகத்தான் போட்டுப் பங்கு நிக்கும், இஞ்சின் ஸ்பேர், வலைக் கடனெல்லாம் அந்தப் போட்டுப் பங்குலேருந்துதான் வரணும். அதனால வாரத் தவணைய ரொம்பப் பெருசா வைக்காதீங்க, ரெண்டு வாரம் குடுத்துட்டு மூணாவது வாரம் போன எடுக்காம விட்டுருவாரு.

ரெண்டாவது பதில் “நான் உங்க மாமாகிட்ட பேசிக்கிறேன்”. இது பையன ஓரங்கட்டுற வேலை. அவன் சொல்ல வேண்டியது, “மாமாதாண்ணே பேசச் சொன்னாரு, பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கட்டுமா?” நீங்க வாங்கிப் பேசுனா நீங்களும் அதே 16,800, அதே வெள்ளிக்கிழமைதான் சொல்லணும். நீங்க சிரிச்சுக்கிட்டே “பரவால்ல மாப்ள, பாத்துக் குடு”ன்னு ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அதோட பையன் பேச்சுக்கு மதிப்பு போச்சு, நீங்களே எல்லா போனும் பேச வேண்டியதுதான்.

மூணாவது, “குடுத்த ரோப்பு சரியில்ல, ஒரு மாசத்துல அறுந்து போச்சு”. இத சாக்குன்னு ஒதுக்காதீங்க, நெசமாவே இருக்கலாம். எந்த சாமான், எவ்வளவு ரூபான்னு கேட்டு அத மட்டும் தனியா எழுதி வச்சுட்டு, “அந்த 4,000 ரூபா ரோப்ப நாளைக்கு எடுத்துட்டு வாங்கண்ணே, முதலாளி பாத்து முடிவு சொல்லுவாரு, மிச்சத்துக்கு இப்ப பேசிருவோம்”னு பிரிக்கணும். தகராறு 4,000க்குத்தான், 46,800ம் அதோட சேந்து நிக்கக் கூடாது.

போன வைக்கிறதுக்கு முன்னாடி கடைசி வேலை, பேசுனத அவரு வாயால ஒரு தடவை சொல்ல வைக்கிறது. “அப்ப நான் எழுதிக்கிறேன்ணே, எவ்வளவு, என்னைக்குன்னு ஒரு தடவை சொல்லிருங்க.” நீங்க சொல்லி அவரு ம்ம்ன்னா அது ம்ம்தான். அவரே “வெள்ளிக்கிழமை 16,800, ஜிபேல போட்டுர்றேன்”னு சொன்னா அது அவரோட வார்த்தை. வச்ச கையோட வாட்ஸப்ல அனுப்பிருங்க, சூடு ஆறுறதுக்குள்ள:

“அண்ணே, இப்ப பேசுனபடி: பாக்கி 46,800. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்குள்ள 16,800. அதுக்கப்புறம் தொழிலுக்குப் போற வாரம் 5,000, வெள்ளிக்கெழம. சரின்னா ஒரு ஓகே போடுங்க. நன்றிண்ணே.”

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வரி மெசேஜ், “நாளைக்கு 16,800ண்ணே”, அவ்வளவுதான், விளக்கம் வேணாம். பணம் வந்துச்சுன்னா அஞ்சு நிமிசத்துல “16,800 வந்துருச்சுண்ணே, மிச்சம் 30,000”ன்னு போட்டுறணும். இத நம்ம ஆளுங்க செய்யவே மாட்டாங்க, வாங்குறப்ப இருக்குற வேகம் வரவு வைக்கிறப்ப இருக்காது. இந்த மெசேஜ் ஒழுங்காப் போனாத்தான் அடுத்த வாரம் கேக்குறதுக்கு நமக்கும் வாய் வரும்.

வரலைன்னா சனிக்கிழமை காலையில ஒரே ஒரு போன். “அண்ணே, நேத்து 6 மணிக்கு 16,800ன்னு பேசிருந்தோம், வரல, என்னாச்சுண்ணே?” கேட்டுட்டு மறுபடி அமைதி. காரணம் சொல்லுவாரு, கேட்டுக்கங்க, புதுத் தேதி ஒண்ணு வாங்குங்க, அதுவும் ஒரு வாரத்துக்குள்ள, அதே மாதிரி மெசேஜ். தெனம் ரெண்டு தடவை அடிக்கிறதெல்லாம் வேணாம், நம்பர பிளாக் பண்ணிருவாங்க. ரெண்டாவது தேதியும் தவறுச்சுன்னா போன் பேச்சு அதோட முடிஞ்சுச்சு, நீங்களே பில்லும் நோட்டும் எடுத்துக்கிட்டு நேர்ல போகணும், பையன அனுப்பக் கூடாது.

இப்ப அந்த “நடவடிக்கை” எடத்துல என்ன போடுறது. உங்க கையில நெசமா இருக்குற ஒரே பிடி அடுத்த சாமான்தான். அதனால, “16,800 வந்ததும் பழைய மாதிரி பில் போட்டுக்கலாம்ணே, அதுவரைக்கும் சாமான் வேணும்னா கைக்காசுக்கு எடுத்துக்கங்க.” இத மொத போன்லயே, கோவம் இல்லாத கொரல்ல சொல்லணும், அவரு கல்லாவுக்கு முன்னாடி வந்து நிக்கிறப்ப நாலு பேரு பாக்க சொல்லக் கூடாது. சொன்னா கடைப்பிடிக்கவும் செய்யணும், நடுக்கடல்ல இஞ்சின் நின்னு இழுத்துட்டு வந்துருக்காங்கன்னா மட்டும் நான் விதிய விட்டுக் குடுப்பேன், அது என் வழக்கம்.

சட்டத்தப் பத்தி ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க. தவணைக் கெடு எதுவும் பேசாம கடனுக்குக் குடுத்த சாமானுக்கு, சாமான் குடுத்த தேதியிலேருந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாத்தான் செல்லும். அந்த மூணு வருஷம் முடியுறதுக்குள்ள “இவ்வளவு பாக்கி இருக்கு”ன்னு அவரு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா அந்தத் தேதியிலேருந்து மறுபடி மூணு வருஷம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, தடைக்காலத்துல ஏப்ரல் 15க்கு மேல போட்டு கரையில நிக்கிறப்ப, புது சாமான் எடுக்க வருவாங்க பாருங்க, அப்ப பழைய பாக்கிய ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு புதுப் பில் போடுங்க. வாட்ஸப் ஓகே ஞாபகப்படுத்துறதுக்கு நல்லது, அத மட்டும் நம்பி கையெழுத்த விட்டுறாதீங்க.

பையன ஸ்கிரிப்ட பாத்துப் படிக்க விடாதீங்க, படிக்கிற கொரல் போன்ல அப்படியே தெரியும். துண்டுச் சீட்டுல கணக்கும், கேக்க வேண்டிய தொகையும் தேதியும் மட்டும் இருக்கட்டும், மிச்சத்த நாலு தடவை உங்ககிட்ட பேசிக் காட்டச் சொல்லுங்க, நீங்க “பாடு இல்ல தம்பி”ன்னு சொல்லிப் பாருங்க, அவன் எங்க எறங்குறான்னு தெரியும். இன்னைக்கு புதன், போட்டெல்லாம் கடல்ல இருக்கும், ராத்திரிக்குள்ள பழகிட்டா நாளைக்கு பதினொன்றைக்கு மொத போன் போடலாம், அந்த 46,800 அண்ணனுக்கு மொதல்ல வேணாம், பாக்கி கொறைச்சலா இருக்குற ரெண்டு பேருகிட்ட பேசி வாய் பழகிட்டு அப்புறம் அவருக்குப் போடச் சொல்லுங்க.